'இல்லை' வெட்டுப்பட்டால் விடுமுறை: செல்பேசித் தலைப்புகளின் முன்பாதி

"பிரபல பாடகர் காலமான…"

செல்பேசித் திரையின் மேல்விளிம்பிலிருந்து இப்படி ஒரு வரி இறங்கினால் பார்ப்பவர் என்ன செய்வார்? ஒரு நொடி 'அடடா' என்பார், அடுத்த நொடி குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படத்தைப் போட்டுவிடுவார். செய்தியைத் திறந்து பார்த்திருந்தால் முழுத் தலைப்பு தெரிந்திருக்கும்: "பிரபல பாடகர் காலமானதாகப் பரவும் தகவல் பொய்: குடும்பத்தினர் விளக்கம்." பாடகர் நலமாக இருக்கிறார். தலைப்பு எழுதியவரும் பிழையாக எதுவும் எழுதவில்லை. அவர் எழுதியதில் முதல் மூன்று சொல்லைத்தான் செல்பேசி காட்டியது, அவ்வளவே.

எடுத்துக்காட்டுக்காக நான் புனைந்த தலைப்புதான் இது. ஆனால் இந்த வகை விபத்து தமிழில் நாள்தோறும் நடக்கிறது. தமிழ் வாக்கியத்தில் தீர்ப்பு கடைசியில் வரும். இல்லை, பொய், ரத்து, முடியாது, ஒத்திவைப்பு என்று எதையெல்லாம் தெரிந்துகொள்ளச் செய்தியைப் படிக்கிறோமோ அதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் உட்கார்ந்திருக்கும். செல்பேசி வெட்டுவதோ வாலை. ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பக்கத்திலேயே வினை வந்துவிடுவதால், பின்பாதி போனாலும் நடந்தது என்னவென்று பெரும்பாலும் பிடிபடும். நமக்கு அந்த வசதி இல்லை. வினையைக் கடைசியில் வைக்கும் இந்தி, ஜப்பானியம், கொரியம் எல்லாவற்றுக்கும் இதே தலைவலிதான்.

வெட்டுவது யார்? செயலியை எழுதியவர். ஒரு பெட்டிக்குள் எத்தனை வரி காட்டலாம், மிஞ்சினால் என்ன செய்யலாம் என்று அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. முன்பக்கத்தை வெட்டலாம், நடுவில் வெட்டலாம், பின்பக்கத்தை வெட்டலாம், அல்லது எழுத்தை ஓடவிடலாம். கோப்புப் பெயர்களைச் சில செயலிகள் நடுவில் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கோப்பின் வகையைச் சொல்லும் கடைசி எழுத்துகள் தப்பிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். செய்தித் தலைப்புக்கு அந்தக் கரிசனம் கிடைப்பதில்லை. எங்கும் பின்பக்க வெட்டு, ஒரு மூன்று புள்ளி. நோட்டிஃபிகேஷன் என்றால் விரிக்காத நிலையில் தலைப்புக்கு ஒரு வரி. செய்திச் செயலியின் பட்டியலில் பெரும்பாலும் இரண்டு வரி, சிலவற்றில் மூன்று. கூகுள் தேடலில் தலைப்பின் நீளத்துக்கு வரம்பு எதுவும் இல்லை. ஆனால் திரையின் அகலத்துக்கு ஏற்ப அதுவே வெட்டிக்கொள்ளும். யூடியூப் நூறு குறி வரை எழுத இடம் தருகிறது, காட்டும் இடத்தில் அத்தனையும் தெரியும் என்ற உறுதியைத் தருவதில்லை.

இட நெருக்கடிக்குள் தலைப்பு எழுதுவதில் பெயர் பெற்றவர்கள் பி.பி.சி. இணையச் செய்திப் பிரிவினர். அதற்குப் பின்னால் ஒரு பழைய தொழில்நுட்பம் இருக்கிறது. 1974-இல் பி.பி.சி. தொடங்கிய சீஃபேக்ஸ் என்ற சேவை, தொலைக்காட்சித் திரையிலேயே எழுத்தாகச் செய்தி காட்டியது. அந்தத் திரையில் ஒரு வரிக்கு நாற்பது கட்டங்கள் மட்டுமே. பக்க எண்ணுக்கும் அதில் இடம் விட வேண்டும். ஆகவே முப்பதைச் சற்றே தாண்டும் எழுத்துகளுக்குள் செய்தியைச் சொல்லி முடிக்கும் பழக்கம் அவர்களுக்கு வந்தது, அது இணையதளத்துக்கும் தொடர்ந்தது. 2009-இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் அவர்களுடைய தலைப்புகளை எண்ணிப் பார்த்தார். சராசரியாக ஐந்து சொல், 34 எழுத்து. அந்த ஐந்து சொல்லிலேயே செய்தியின் சாரம் இருந்தது என்று மெச்சினார். சீஃபேக்ஸ் 2012-இல் நின்றுபோனது. அது கற்றுக்கொடுத்த சிக்கனம் செல்பேசிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஆகிவிட்டது.

அந்த 34 என்ற எண்ணைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு தலைப்பை வைத்தே பார்ப்போம்.

மழைக்காலம். திருவள்ளூர் மாவட்டத்தில் மாலை முழுக்க மழை. நாளை பள்ளி உண்டா இல்லையா என்று பெற்றோர் செல்பேசியைப் பார்த்தபடி இருக்கிறார்கள். விடுமுறை இல்லை என்று ஆட்சியர் அறிவிக்கிறார். டெஸ்க்கில் இருப்பவர், அச்சுப் பத்திரிகையில் பழகிய கையால், முதலில் இப்படி எழுதுகிறார்: "வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியால் தொடர் மழை: திருவள்ளூர் மாவட்டத்தில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை." நோட்டிஃபிகேஷனில் "வங்கக் கடலில் உருவான காற்ற…" என்று நிற்கும். பெற்றோருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. கெடுதலும் இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

பக்கத்து மேஜைக்காரர் "ரொம்ப நீளம்" என்கிறார். கடலையும் காற்றழுத்தத்தையும் எடுத்துவிட்டுச் சுருக்குகிறார்கள்: "திருவள்ளூர் மாவட்டத்தில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை." எழுத்தை எண்ணினால் இருபத்தொன்பது, இடைவெளிகளைச் சேர்த்தால் 34. பி.பி.சி.யின் சராசரியேதான்! கச்சிதம் என்று தோன்றும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

செய்திச் செயலியின் பட்டியலில் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு படமும் இருக்கும். பரவலாகப் புழங்கும் ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் திரை, வடிவமைப்பாளர் கணக்கில் 360 அலகு அகலம். இரண்டு ஓரத்திலும் விடும் இடத்தையும் படத்தையும் கழித்தால் தலைப்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 200 அலகு. வழக்கமான எழுத்தளவில் ஒரு தமிழ் எழுத்துக்குச் சராசரியாகப் பதின்மூன்று அலகு போனால் வரிக்குப் பதினைந்து, பதினாறு எழுத்துதான் பிடிக்கும். முதல் வரியில் "திருவள்ளூர் மாவட்டத்தில்" என்ற இரண்டு சொல்லுக்கே பதினான்கு இடம் போய்விடும். "நாளை" அதில் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கும். இரண்டாம் வரியில் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்பது பதினைந்து. பதினாறாவது இடத்தில் மூன்று புள்ளி.

திருவள்ளூர் மாவட்டத்தில்
நாளை பள்ளிகளுக்கு விடுமுறை…

'இல்லை' வெட்டுப்பட்டுவிட்டது. பார்க்க முழு வாக்கியம்போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. முதல் தலைப்பைப் பார்த்தவர் ஒன்றும் புரியாமல் செய்தியைத் திறந்திருப்பார். இதைப் பார்த்தவர் திறக்கவே மாட்டார், பிள்ளையிடம் "நாளைக்கு லீவு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நீளமான தலைப்பைவிடப் பாதி சரியாகச் சுருக்கிய தலைப்பு மோசமாக முடியும் என்பதை டெஸ்க்கில் இருப்பவர்கள் பலரும் நம்புவதில்லை. நம்ப வைக்க இந்த இரண்டு வரியைக் காட்டினால் போதும்.

'இல்லை'யை எங்கே கொண்டுபோய் வைப்பது? "இல்லை நாளை விடுமுறை" என்று எழுத முடியாது, அது தமிழாக இருக்காது. எதிர்மறையை உடன்பாடாகத் திருப்புவதுதான் வழி. விடுமுறை இல்லை என்றால் பள்ளி உண்டு. "திருவள்ளூரில் நாளை பள்ளி உண்டு: ஆட்சியர் அறிவிப்பு." இதில் 'உண்டு' வரைக்கும் எண்ணினால் இடைவெளியோடு பதினெட்டு. 'மாவட்டத்தில்' என்ற ஏழெழுத்துச் சொல் போய், 'இல்' என்ற உருபு ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. படத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரிக்குள் தீர்ப்பு வந்துவிடும். நோட்டிஃபிகேஷனின் ஒரே வரியிலும் பெரும்பாலான செல்பேசிகளில் அடங்கிவிடும். வெட்டு விழுந்தால் 'ஆட்சியர் அறிவிப்பு' போகும், போகட்டும்.

இன்னொரு திருத்தமும் தேவைப்படும். இரவு பத்து மணிக்கு அனுப்பிய நோட்டிஃபிகேஷனைக் காலை ஆறு மணிக்குப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 'நாளை' என்பது அடுத்த நாளாகத் தெரியும். கிழமையைப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது: "திருவள்ளூரில் வியாழன் பள்ளி உண்டு." இரண்டே எழுத்துதான் கூடுதல்.

உண்டு என்று திருப்ப முடியாத இடங்களும் இருக்கின்றன. மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். குறுவைச் சாகுபடிக்கு ஜூன் 12-இல் திறப்பது மரபு, நீர் குறைந்த ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போனதும் உண்டு. அப்படி ஓர் ஆண்டில் "குறுவை சாகுபடிக்காக மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படாது" என்று எழுதினால், வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து டெல்டா விவசாயி நாற்றங்காலுக்குத் தயாராவதோ காத்திருப்பதோ அமையும். 'திறக்கப்படும்', 'திறக்கப்படாது' இரண்டுக்கும் முதல் ஆறு எழுத்து ஒன்றே. "திறக்கப்ப…" என்று நின்றால் இரண்டில் எது என்று அந்தச் சொல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அது மரபான நாள் என்பதால் திறக்கப்படும் என்றே படித்துக்கொள்வார்கள். வினையை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லுக்கு வருவதுதான் இங்கே வழி: "மேட்டூர் திறப்பு தள்ளிவைப்பு: ஜூன் 12-இல் நீர் இல்லை." ரத்து, தடை, நீக்கம், ஒத்திவைப்பு, தள்ளுபடி என்று அச்சுப் பத்திரிகைகள் பல காலமாகப் புழங்கும் இந்தப் பெயர்ச்சொற்கள் செல்பேசிக்கென்றே பிறந்தவைபோல் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். "தடை நீக்கம்" என்று சேர்ந்து வரும்போது 'தடை'க்கும் 'நீக்க'த்துக்கும் நடுவில் வெட்டு விழுந்தால் செய்தி தலைகீழாகிவிடும். 'மீண்டும் அனுமதி' என்று மாற்றிவிடுவது நல்லது.

வாலில் இருந்தே ஆளைக் கவிழ்க்கும் சின்னச் சொற்கள் இன்னும் சில: மட்டும், வரை, தவிர. "தொடக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை" என்பதற்கும் "பள்ளிகளுக்கு விடுமுறை, 5-ஆம் வகுப்பு வரை மட்டும்" என்பதற்கும் முழுதாகப் படித்தால் வித்தியாசம் அதிகம் இல்லை. வெட்டுப்பட்டால் பத்தாம் வகுப்புப் பையனும் வீட்டில் உட்கார்ந்துவிடுவான்.

ஊர்ப்பெயரில் பழைய பத்திரிகைக்காரர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது. பத்தியின் அகலத்துக்குள் தலைப்பை அடக்க அவர்கள் நெல்லை, கோவை, தஞ்சை, நாகை, குமரி, உதகை என்ற பெயர்களைச் சலிக்காமல் பயன்படுத்தினார்கள். கன்னியாகுமரி ஏழெழுத்து, குமரி மூன்று. திருநெல்வேலி ஆறு, நெல்லை மூன்று. செல்பேசியில் இது இடத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை, குழப்பத்தையும் தவிர்க்கிறது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஏழு, 'திரு' என்று தொடங்குகின்றன. திருவள்ளூருக்கும் திருவண்ணாமலைக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்று. திருப்பூருக்கும் திருப்பத்தூருக்கும் அப்படியே. வேகமாக விரலால் தள்ளிக்கொண்டே போகும் கண் சொல்லின் தொடக்கத்தைத்தான் பிடிக்கும். திருச்சி, நெல்லை என்று வழக்குப் பெயர் இருக்கிற இடத்தில் அதையே போடுவது நல்லது.

பல மாவட்டங்களுக்குச் சேர்த்து விடுமுறை என்றால் ஊர்களை முதலில் அடுக்கும் வழக்கத்தை விட வேண்டும். "சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் உள்ளிட்ட 8 மாவட்டங்களில்…" என்று போய் நின்றால் ஊர் தெரிகிறது, என்ன நடந்தது என்பது தெரியவில்லை. விடுமுறையா, கனமழை எச்சரிக்கையா, மின்தடையா? "8 மாவட்டங்களில் விடுமுறை: சென்னை, காஞ்சி…" என்று திருப்பிப் போட்டால், பட்டியலில் தன் ஊர் உண்டா என்று பார்க்க வாசகர் திறந்தே ஆக வேண்டும், திறப்பார்.

முன்வரிசையில் இடம் பெறவே கூடாத சொற்களும் உண்டு. பரபரப்பு, அதிர்ச்சி, சற்றுமுன், முக்கியச் செய்தி, பிரேக்கிங், கூடவே சிவப்பு விளக்குப் படம். நோட்டிஃபிகேஷனின் ஒற்றை வரியில் இருபது எழுத்துப் பிடித்தால், "சற்றுமுன் பரபரப்பு" என்பதற்கே பாதி போய்விடுகிறது. யூடியூப்பில் சேனல் பெயரைத் தலைப்பின் தொடக்கத்தில் வைப்பவர்களும் இப்படித்தான்; தலைப்புக்குக் கீழேயே சேனல் பெயர் தனியாகத் தெரியும்போது அதை முன்னால் ஏன் மறுபடி எழுதுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

தொடர்களில் இந்தக் கோளாறு கொஞ்சம் வேறு மாதிரி வரும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஒலிநூலைத் தேடிப் பார்க்கும்போது, "கல்கியின் பொன்னியின் செல்வன் - முதல் பாகம் - அத்தியாயம்…" என்று ஒரே மாதிரி வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாகமுள்ள நாவல். நேற்று எங்கே விட்டோம் என்பதைச் சொல்லும் எண் மட்டும் எல்லா வரியிலும் வெட்டுப்பட்டிருக்கும். மாறாத பகுதியை முன்னாலும் மாறும் பகுதியைப் பின்னாலும் வைத்ததன் விளைவு அது. "1-14 பொன்னியின் செல்வன்" என்று பாக எண்ணையும் அத்தியாய எண்ணையும் முதலில் வைத்தால் போதும். பாடவகுப்புக் காணொளிகளுக்கும், கோயில் சொற்பொழிவு வரிசைக்கும், சமையல் தொடருக்கும் இதே கதைதான்.

தீர்ப்பு முன்னால், சொன்னவர் பின்னால் என்று இதுவரை சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, அது சட்டச் சிக்கல் வரை போகக்கூடியது. "நிதியில் பல கோடி முறைகேடு செய்தார் தலைவர்: எதிரணி குற்றச்சாட்டு" என்ற தலைப்பில் வால் வெட்டுப்பட்டால், குற்றச்சாட்டாக இருந்தது பத்திரிகையே சொன்ன உண்மையாகிவிடும். யார் சொன்னார்கள் என்பதே செய்தியின் உயிராக இருக்கும்போது அதை வாலில் விடக் கூடாது. "எதிரணி புகார்: நிதியில் முறைகேடு" என்று புகாரை முதல் இரண்டு சொல்லுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். தொடக்கத்தில் பார்த்த பாடகர் செய்தியும் இந்த வகையைச் சேர்ந்ததே. "வதந்தி: பாடகர் நலமாக உள்ளார்" என்பது போதும். 'காலமான' என்ற சொல் அந்தத் தலைப்பில் இருக்கவே தேவையில்லை.

எழுத்தை எண்ணும் விஷயத்துக்கு வருகிறேன். செய்தி ஏற்றும் மென்பொருள்களில் தலைப்புப் பெட்டியின் ஓரத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். வரம்பைத் தாண்டினால் சிவப்பாகும். தமிழில் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. நமக்கு 'தமிழ்' என்பது மூன்று எழுத்து. கணினியைக் கேட்டால்:

```
>>> len("தமிழ்")
5
```

த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. மேலே பார்த்த 34 இடத் தலைப்பைக் கணினி 57 என்று சொல்லும். அறுபதை வரம்பாக வைத்த பெட்டியில் அது கிட்டத்தட்ட நிரம்பியதாகத் தெரியும். யூடியூப்பின் நூறு குறியும் தமிழில் ஏறக்குறைய அறுபது எழுத்துக்குத்தான் வரும்.

எழுத்தைச் சரியாக எண்ணினாலும் அகலம் தெரியாது. ர, ா, ட போன்றவை ஒடுக்கமானவை. ஞௌ, ணை, லோ போன்றவை அகலத்தில் அவற்றின் இரண்டு மூன்று மடங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் தமிழில் 'இத்தனை எழுத்துக்குள் எழுது' என்று யாராவது விதி சொன்னால் அதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது எழுத்துக்குள் தீர்ப்பு என்று மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு கண்ணால் பார்ப்பதே சரி.

எங்கே பார்ப்பது? கணினியில் குரோம் உலாவியின் செல்பேசிக் காட்சியைத் திறந்து அகலத்தை 360 என்று வைத்தால் ஒரு முதல் பார்வை கிடைக்கும். அதோடு நிறுத்தினால் ஏமாற்றமாக முடியலாம், ஏனென்றால் எழுத்துரு வேறு. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் சங்கம் என்று தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒரே வரி ஒன்றில் அடங்கும், மற்றொன்றில் வழியும். கையில் இருக்கும் செல்பேசியில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. அதுவும் ஆசிரியர் கையில் இருக்கும் பெரிய புது செல்பேசியில் பார்த்தால் எல்லாமே அடங்கியதாகத்தான் தெரியும். அலுவலகத்தில் யாரிடம் குறுகலான பழைய செல்பேசி இருக்கிறதோ அவரிடம் வாங்கிப் பார்க்க வேண்டும்.

எழுத்தளவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14-இலிருந்து எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். கண்ணாடி போட்டும் சிறிய எழுத்துத் தெரியாத அப்பா அம்மாக்கள் அமைப்பில் போய் இதைத்தான் கூட்டி வைத்திருக்கிறார்கள். பதினாறு எழுத்துப் பிடித்த வரியில் அவர்களுக்குப் பாதியோ சற்று அதிகமோதான் பிடிக்கும். "திருவள்ளூரில் வியாழன்…" என்றே அவர்களுக்கு நின்றுவிடக்கூடும். பரவாயில்லை, அரைகுறை என்று தெரிவதால் தொட்டுத் திறப்பார்கள். தவறான முழுமையைத்தான் அஞ்ச வேண்டும்.

அகலத்தைப் பார்க்கும்போதே வெட்டின் விதத்தையும் கவனிக்க வேண்டும். ஒழுங்காக எழுதப்பட்ட செயலி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் வெட்டும். அவசரத்தில் எழுதப்பட்டது, கணினி எண்ணும் குறிகளில் இத்தனையாவது என்று கத்தரி போடும். அப்போது புள்ளி உதிர்ந்து "திருவள்ளூர" என்று நிற்கலாம், அல்லது கொம்பும் காலும் கழன்றுபோய் எழுத்தே மாறலாம். பைட்டுக் கணக்கில் வெட்டும் இன்னும் பழைய நிரல் என்றால், கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி வந்து நிற்கும். தலைப்பு எழுதுபவரால் இதைச் சரிசெய்ய முடியாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பி, "எழுத்தின் நடுவே வெட்டுகிறது" என்று சொல்வதே அவர் வேலை. யூனிகோடு தரத்திலேயே எழுத்தின் எல்லை எது என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள், நிரல்மொழிகளிலும் அதற்கான வசதி இருக்கிறது. செய்ய முடியாத காரியமல்ல.

பார்க்கும் வரிசை எப்படி இருக்கலாம்? முதலில் நோட்டிஃபிகேஷனை அலுவலகச் செல்பேசிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது. பிறகு இணைப்பைத் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி, படத்தோடு வரும் முன்காட்சியைப் பார்ப்பது. இது அவசியம். வாட்ஸ்அப் முன்காட்சி அனுப்புபவரின் செல்பேசியில் உருவாகிச் செய்தியோடு சேர்ந்தே போகிறது. பின்னால் தலைப்பைத் திருத்தினாலும் ஏற்கெனவே போனது போனதுதான். அது குழு குழுவாக ஃபார்வர்டு ஆகிக்கொண்டிருக்கும். அப்புறம் செய்திச் செயலியின் பட்டியல். ஒவ்வொன்றிலும் வெட்டுக்கு முந்தைய பகுதியை மட்டும், செய்தி தெரியாத ஒருவரிடம் காட்டி, "என்ன நடந்திருக்கு?" என்று கேட்க வேண்டும். "புரியலை" என்று சொன்னால் தலைப்பு சுமார். சரியாகச் சொன்னால் நல்ல தலைப்பு. தயங்காமல் தவறாகச் சொன்னால் அந்தத் தலைப்பை அனுப்பக் கூடாது. அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. பெரும்பாலான மென்பொருள்களில் பக்கத்துத் தலைப்பு, பகிர்வுத் தலைப்பு, நோட்டிஃபிகேஷன் தலைப்பு என்று தனித்தனிப் பெட்டி இருக்கிறது. பக்கத்தில் நீளமாக, அழகாக எழுதிக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் அதையே ஒட்டிவிட்டுப் போவதால்தான் இத்தனை தொல்லையும்.

வேண்டுமென்றே வெட்டு விழும்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். "பாடகர் காலமான…" என்று நின்றால் பத்துப் பேர் கூடுதலாகத் திறப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு முறை ஏமாந்த வாசகர் மூன்றாம் முறை அந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷனையே அணைத்துவிடுவார். அணைத்ததை மறுபடி போடச் சொல்லி அவரிடம் கேட்க எந்த ஆசிரியருக்கும் வழியில்லை.

வாசகர்களுக்கும் ஒன்று. மழை இரவில் 'விடுமுறை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளியைப் பார்த்தால் அதை அறிவிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒருமுறை தொட்டுத் திறந்து, வாக்கியத்தின் கடைசிச் சொல் வரைக்கும் படியுங்கள். தமிழில் முடிவு அங்கேதான் இருக்கிறது.